சிசேரியன் தையலை வீட்டில் பார்த்துக்கொள்வது: ஆறுகிற புண் எது, சீழ் வைக்கிற புண் எது

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படியென்றால் பிள்ளை பிறந்த இரண்டு வீடுகளில் கிட்டத்தட்ட ஒன்றில் ஒரு பச்சை உடம்புக்காரி, கையில் குழந்தையும் அடிவயிற்றில் ஒரு தையலுமாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்கிறாள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை பெயர்கள் விவரமாக இருக்கும். தையலைப் பற்றி "சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரி போதாது. ஏனென்றால் தையலில் கிருமித் தொற்று வந்தால், பெரும்பாலும் அது ஆபரேஷன் முடிந்த 4ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் நடுவில்தான் தலைகாட்டும். அந்த நாட்களில் முக்கால்வாசி வீட்டில்தான் கழியும். அதை முதலில் பார்க்கப்போவது டாக்டரோ நர்ஸோ இல்லை, அம்மாவோ மாமியாரோ கணவரோதான்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுவதும் சிசேரியன் தையலை வைத்தே சொல்லியிருக்கிறேன். வயிற்றில் வேறு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் வார்டை விட்டு வர வேண்டாம்.

முதல் கேள்வி, தோலில் போட்டிருப்பது கரையும் தையலா, பிரிக்க வேண்டிய தையலா? கரையும் தையல் தோலுக்கு அடியிலேயே ஓடும், வெளியே ஒரு கோடு மட்டும் தெரியும். அதைப் பிரிக்க வேண்டியதில்லை. கறுப்பு அல்லது நீல நூல் வெளியே முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் பிரிக்க வேண்டும். குறுக்கு வெட்டாக இருந்தால் ஒரு வாரத்தையொட்டியும், தொப்புளுக்குக் கீழே நெடுக்காக வெட்டியிருந்தால் இன்னும் சில நாள் தள்ளியும் பிரிப்பார்கள். தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "நல்லாத்தானே இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், நூல் ஓடும் துளைகளே கிருமி நுழையும் வாசலாகிவிடும்.

இரண்டாவது, மேலே ஒட்டியிருக்கும் கட்டை எப்போது எடுக்க வேண்டும், அதன் மேல் தண்ணீர் படலாமா? சில கட்டுகள் தண்ணீர் புகாதவை, சில சாதாரண காஸ் துணியும் பிளாஸ்திரியும். இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, ராத்திரியில் எங்கே வருவது? வார்டு போன் நம்பரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஊரில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரின் நம்பரையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்ப்பது அவர்கள் வேலை. வரும்போது குழந்தையின் எடையோடு நின்றுவிடாமல் தையலையும் காட்டுங்கள்.

தினமும் ஒரு முறை, ஒரே நேரத்தில், நல்ல வெளிச்சத்தில்

தையலைக் கவனிப்பதில் முக்கால் பங்கு வேலை பார்ப்பதுதான், தொடுவது இல்லை. குறுக்கு வெட்டு அடிவயிற்று மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது. ஆகவே காலையில் ஜன்னல் பக்கம் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். கை கழுவிய ஒருவர், தொங்கும் வயிற்றை உள்ளங்கையால் மெல்ல மேலே தூக்கிப் பிடிக்கட்டும். இன்னொருவர் தையலின் இடது முனையிலிருந்து வலது முனைவரை முழுக் கோட்டையும் பார்க்கட்டும். முனைகளை விட்டுவிடாதீர்கள். நடுவில் சுத்தமாக இருந்து ஓரத்தில் சீழ் கோத்திருப்பது சகஜம்.

அப்படியே போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். இது யாருக்கும் அனுப்புவதற்காக இல்லை, நேற்றைய படத்தோடு இன்றையதை ஒப்பிடுவதற்காக. புண்ணைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? வலி, வீக்கம், சிவப்பு, கசிவு எல்லாமே ஆரம்பத்தில் இருக்கும். ஆறுகிற புண்ணில் இவை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையும். குறைந்துகொண்டு வந்த ஒன்று திரும்பவும் ஏற ஆரம்பித்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கவனிக்க வேண்டிய விஷயம்.

கழுவுவதும் உலர்த்துவதும்

1847இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் எல்லோரும் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். அந்த வார்டில் பிரசவக் காய்ச்சலால் இறப்பவர்களின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. கிருமி என்ற ஒன்றை யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாத காலம் அது. இன்றும் வீட்டில் நம்மால் செய்ய முடிந்த மிகப் பெரிய காரியம் அதுதான். சோப்புப் போட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் தேய்த்து, 20 நொடியாவது கழுவ வேண்டும். குழந்தையின் துணியை மாற்றிவிட்டு அதே கையோடு தையலைத் தொடுவதுதான் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

தைத்த தோலின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மேல்பக்கம் மூடிக்கொள்ள ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதன் பிறகு, டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, குளிக்கலாம். நின்றபடியோ ஸ்டூலில் உட்கார்ந்தபடியோ வெதுவெதுப்பான தண்ணீரைத் தோளில் ஊற்றி, அது தையல் மேல் தானாக வழிந்து ஓடும்படி விட்டால் போதும். சாதாரண சோப்பு நுரை பட்டுப் போகலாம், ஆனால் தேய்க்கக் கூடாது. தொட்டியில் ஊறுவது, குளத்தில் முங்குவது எல்லாம் புண் முழுதாக ஆறிய பிறகு.

பிள்ளை பெற்றவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, வயிற்றில் ஓங்கி அடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்பாகத்தான் செய்கிறார்கள். சுகப்பிரசவத்துக்கே அவ்வளவு சூடு தேவையில்லை, சிசேரியன் தையலுக்கு அது நேரடிக் கெடுதல். அடிக்கிற வேகத்தில் விளிம்பு பிரியலாம். தையலைச் சுற்றி உணர்ச்சி மரத்துப்போயிருப்பதால் சூடு பட்டாலும் அவளுக்குத் தெரியாது.

குளித்து முடித்ததும்தான் முக்கியமான வேலை இருக்கிறது. துவைத்து வெயிலில் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் தையலை ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு படுத்து, மடிப்பைத் தூக்கிவிட்டு, 10 நிமிடம் காற்றாட விடுங்கள். நம் ஊர் வெயிலில் மடிப்புக்குள் வியர்வை தேங்கி, தோல் வெளுத்து ஊறிப்போய், அங்கேதான் புண் பிரிய ஆரம்பிக்கும். வயிறு தொங்கும் உடல்வாகாக இருந்தால், கட்டு எடுத்த பிறகும் ஒரு உலர்ந்த காஸ் துணியை மடித்து மடிப்புக்குள் வைத்து, ஈரமானபோதெல்லாம் மாற்றுங்கள். உள்ளாடையின் எலாஸ்டிக் தையல் மேல் அழுந்தாதபடி, தொப்புளுக்கு மேலே வரும் பருத்தி உள்ளாடையாகப் பார்த்து வாங்குங்கள். வயிற்றில் துணி கட்டும் பழக்கம் இருந்தால் தளர்வாக, தினமும் மாற்றிக் கட்டலாம், தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகாது, வியர்வைதான் கூடும்.

கட்டு மாற்ற வேண்டியிருந்தால்

தையல் உலர்ந்து மூடிவிட்டால் கட்டே தேவையில்லை. லேசான கசிவு இருந்தாலோ, துணி உரசினாலோ மட்டும் போடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஸ்டெரைல் காஸ் பாக்கெட், பேப்பர் பிளாஸ்திரி, சின்ன நார்மல் சலைன் பாட்டில், இவை மூன்றும் வாங்கினால் போதும். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

கை கழுவி, பழைய கட்டைத் தோலோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரியுங்கள். ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் இழுக்க வேண்டாம். சலைனை ஊற்றி நனைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், தானே வரும். எடுத்த கட்டைச் சுருட்டி எறிவதற்கு முன்னால் விரித்துப் பாருங்கள். என்ன நிறம், எவ்வளவு அகலம் நனைந்திருக்கிறது, வாடை வருகிறதா என்று அந்தத் துணி சொல்வதைத் தையல்கூடச் சொல்லாது. பிறகு மறுபடி கை கழுவி, சலைனில் நனைத்த காஸால் தையல் கோட்டின் மேல் ஒரு முறை ஒரே திசையில் துடைத்து, அந்தக் காஸைப் போட்டுவிடுங்கள். அடுத்த முறைக்கு அடுத்த காஸ். உலர ஒற்றி, புதுக் காஸின் ஓரத்தை மட்டும் பிடித்து வைத்து ஒட்டுங்கள். பிரித்த சலைன் பாட்டிலை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். சலைன் கிடைக்கவில்லை என்றால் கொதித்து ஆறின தண்ணீர் போதும்.

சரி, மேலே என்ன போடுவது? டாக்டர் எழுதித் தராதவரை எதுவும் வேண்டாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைத்தது, விபூதி, எதுவுமே வேண்டாம். மஞ்சளில் மருந்துக்குணம் இருக்கலாம், ஆனால் அடுக்களை டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டது இல்லை. அதோடு மஞ்சள் பூசிவிட்டால் சிவப்பும் தெரியாது, சீழும் தெரியாது, எல்லாமே மஞ்சளாகிவிடும். டெட்டால், ஸ்பிரிட், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலின் செல்களையும் கொல்கின்றன. ஆன்டிபயாட்டிக் பவுடரைத் தூவினால் அது கசிவோடு சேர்ந்து பொருக்காக இறுகி, அடியில் என்ன நடக்கிறது என்பதையே மறைத்துவிடும்.

சரியாக ஆறும் தையல் எப்படி இருக்கும்

முதல் மூன்று நாள் தையலின் இரண்டு ஓரமும் மெல்லிய பட்டையாகச் சிவந்து, லேசாகத் தடித்து, தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும். இது உடம்பு புண்ணைச் சரிசெய்ய ரத்தத்தை அங்கே கூடுதலாக அனுப்புவதால் வருவது. கிருமி இல்லை. அந்தச் சிவப்பு தையலை ஒட்டியே நிற்கும், பரவாது. கட்டில் இளஞ்சிவப்பு நிறத்திலோ வைக்கோல் நிறத்திலோ தண்ணீர் மாதிரி சில சொட்டுகள் இருக்கலாம். எழும்போது, இருமும்போது, சிரிக்கும்போது சுரீர் என்று வலிக்கும். ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமினால் தாங்கும்.

5ஆம் நாள் வாக்கில் சிவப்பு மங்கி, கசிவு நின்றிருக்கும். அப்புறம் அரிப்பு தொடங்கும். தையலுக்கு அடியில் விரலால் தொட்டால் ஒரு கயிறு போலக் கெட்டியாகத் தட்டுப்படும். அது புதிதாகப் பின்னப்படும் இழையம், பயப்பட வேண்டாம். ஆனால் கோடு முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தால் அடியில் ரத்தமோ நீரோ தேங்கியிருக்கலாம். அதைக் காட்டிவிடுங்கள், அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

பரவும் சிவப்பு

மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு, புத்தகத்தில் படம் போட்டிருப்பது போலச் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்து மினுமினுப்பாகத்தான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. கழுவிய கையின் புறங்கையை முதலில் தொப்புளுக்கு மேலே வையுங்கள், பிறகு தையலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சூட்டில் வித்தியாசம் தெரியும். தோல் இறுகிப் பளபளக்கிறதா, தொட்டால் கட்டியாக இருக்கிறதா, லேசாகத் தொட்டாலே துள்ளுகிறாளா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்தால், நிறம் மாறியிருக்கும் இடத்தின் எல்லையைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவிடுங்கள். தையல் மேலேயே கோடு போட வேண்டாம், சுற்றியுள்ள நல்ல தோலில் போடுங்கள். வார்டிலும் நாங்கள் செய்வது இதுதான். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டுக்கு உள்ளேயே நின்றால் அடுத்த நாள் காலையில் ஓ.பி.யில் காட்டலாம். கோட்டைத் தாண்டிவிட்டால் அன்றே போக வேண்டும். கண்ணுக்கெதிரே மணிக்கு மணி நகர்கிறது, தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுகிறது, கொப்புளம் எழும்புகிறது, வெளியே தெரிவதைவிட வலி பல மடங்கு இருக்கிறது என்றால், அது தோலுக்கு அடியில் தசையுறையைத் தின்று பரவும் தொற்றாக இருக்கலாம். அரிதுதான். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளிலேயேகூட வரக்கூடியது, உடனே ஆபரேஷன் செய்து அகற்ற வேண்டியது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கசிவு: நீரா, ரத்தமா, சீழா

தண்ணீர் மாதிரி தெளிவாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, நாளுக்கு நாள் குறைந்தால் பிரச்சினை இல்லை. கெட்டியாக, கலங்கலாக, மஞ்சள், பச்சை, சாம்பல் அல்லது காப்பி நிறத்தில் இருந்தால் அது சீழ். வாடை இருந்தால் சந்தேகமே வேண்டாம். வாடை இல்லாத சீழும் உண்டு, ஆகவே வாடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில சமயம் சீழ் வெளியே வரும் முன்னால் தையலின் ஒரு ஓரம் மட்டும் தொளதொளவென்று மெத்தென்றாகிவிடும். பிதுக்கிப் பார்க்கவோ ஊசியால் குத்திவிடவோ கூடாது. வெளியே வருவதைவிட உள்ளே போவதுதான் அதிகமாக இருக்கும்.

இன்னொரு கசிவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரக் கடைசியிலோ இரண்டாவது வாரத்திலோ, அதுவரை உலர்ந்திருந்த தையலிலிருந்து இருமிய பிறகு திடீரென்று இளஞ்சிவப்புத் தண்ணீர் புடவை நனையும் அளவுக்கு வந்தால், "உள்ளே இருந்த கெட்ட நீர் போயிற்று" என்று நிம்மதிப்படாதீர்கள். அடியில் இருக்கும் உறுதியான அடுக்கின் தையல் விட்டுப்போனதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். உடனே படுக்க வைத்து, முழங்காலை மடக்கி வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாமல், சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ நனைத்த சுத்தமான துணியால் மூடி வைத்துக்கொண்டு போங்கள்.

காய்ச்சலை அளப்பது

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். காலையும் மாலையும் ஒரு முறை, காப்பி குடித்து அரை மணி நேரம் கழித்து, நாக்குக்கு அடியில் வைத்து அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அக்குளில் வைத்தால் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும், எங்கே வைத்தீர்கள் என்பதையும் குறியுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. வலிக்காகக் கொடுக்கும் பாரசிட்டமால் காய்ச்சலையும் இறக்கிவிடும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் கழித்து அளந்து "காய்ச்சலே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அடுத்த மாத்திரை கொடுப்பதற்குச் சற்று முன்னால் அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் லேசான சூடு இருப்பது சகஜம். 3ஆம், 4ஆம் நாளில் பால் கட்டும்போது இரண்டு மார்பும் கனத்து, உடம்பு கொஞ்சம் சுடலாம். குழந்தை நன்றாகக் குடித்ததும் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். ராத்திரியில் வியர்த்துக் கொட்டுவதும் பிரசவத்துக்குப் பிறகு உடம்பில் தேங்கிய நீர் வெளியேறுவதால் வருவதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் அன்றே காட்ட வேண்டும். காரணம் தையலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தீட்டில் துர்நாற்றமும் அடிவயிற்றில் வலியும் இருந்தால் கர்ப்பப்பையில் தொற்று இருக்கலாம். ஒரு பக்க மார்பு மட்டும் சிவந்து வலித்தால் அங்கே இருக்கலாம், சிறுநீர் எரிந்தால் சிறுநீரில் இருக்கலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது வீட்டு வேலை இல்லை, போய்ச் சொல்வதுதான் வீட்டு வேலை.

ஒரு தையல் எப்படிக் கெடுகிறது என்று நாள்வாரியாக

முதல் பிரசவம், குறுக்கு வெட்டு, கரையும் தையல், 5ஆம் நாள் வீட்டுக்கு வந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வரும்போது தையல் உலர்ந்திருக்கிறது, வலி குறைந்திருக்கிறது. மாத்திரையே இல்லாமல் எழுந்து நடக்கிறாள்.

6ஆம் நாள் மாலை, வலது ஓரம் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது என்கிறாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தெர்மாமீட்டரில் 99.4. இது காய்ச்சல் கணக்கில் வராது. ஆனால் நேற்று இல்லாத வலி இன்று இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில். முதல் தடயம் இதுதான். நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து, பேனாவைத் தயாராக வைக்க வேண்டிய நேரம்.

7ஆம் நாள் காலை, வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்துப் பளபளக்கிறது, தொட்டால் சுடுகிறது. சுற்றிலும் கோடு போட்டாயிற்று. மத்தியானம் உடம்பு வலிக்கிறது என்று பாரசிட்டமால் போடுகிறாள், சாயங்காலம் நன்றாக இருப்பது போலத் தோன்றுகிறது. ராத்திரி அடுத்த மாத்திரைக்கு முன் அளந்தால் 100.8. கோட்டை ஒரு விரல் தாண்டியிருக்கிறது. உள்ளாடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் மஞ்சள் கறை.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. ராத்திரி நேரம், கைக்குழந்தை வேறு, காலையில் பார்க்கலாம் என்று மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கிறார்கள். தேங்கிய சீழுக்கு நடுவில் ரத்த ஓட்டம் கிடையாது, ரத்தத்தில் போகும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கி ஏமாற்றும், சீழ் அடியில் பக்கவாட்டில் பரவும். அதோடு, பிறகு எடுக்கும் சீழ்ப் பரிசோதனையில் எந்தக் கிருமி என்பதும் சரியாகத் தெரியாமல் போகும். அவளுக்கு அந்த ராத்திரியே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்

கேட்டதும் பயந்துவிடுவீர்கள், ஆனால் செய்வது எளிமையானது. அந்த இடத்தை மரக்க வைத்து, வலது ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத் தையலைத் திறந்து சீழை வெளியேற்றுவார்கள். கொஞ்சம் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, உள்ளே சலைனால் அலசி, நனைத்த காஸைத் தளர்வாக வைத்து மூடுவார்கள். சுற்றித் தொற்று பரவியிருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் தருவார்கள். தாய்ப்பால் கொடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்தாக எழுதுவார்கள். தையலில் உள்ள சீழ் பாலில் கலந்துவிடாது, பாலை நிறுத்த வேண்டாம்.

திறந்ததை உடனே தைக்க மாட்டார்கள். "தையல் விட்டுப்போச்சு, அப்படியே அனுப்பிவிட்டார்கள்" என்று வீட்டில் கோபப்படுவது இதனால்தான். அடியில் கிருமியை வைத்துக்கொண்டு மேலே மூடினால் மறுபடி சீழ் கோக்கும். புண் அடியிலிருந்து சிவந்த சதை வளர்ந்து மேலே வர வேண்டும். தினமும் கட்டு மாற்ற வேண்டும், அதை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். சின்னத் திறப்பு சில வாரத்தில் தானாக மூடிவிடும். பெரியதாக இருந்தால், சுத்தமான பிறகு மறுபடி தைப்பார்கள்.

காத்திருக்கவே கூடாத நிலை

தையலில் பெரிதாக ஒன்றும் தெரியாமல்கூட, தொற்று ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவலாம். பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம், சும்மா படுத்திருக்கும்போதே நாடி 110-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், கை கால் சில்லிட்டுப் போவது, பேச்சு குழறுவது, குழந்தை அழுதாலும் கவனிக்காமல் மயங்கிக் கிடப்பது, பாதி நாளாகச் சிறுநீரே கழியாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. காய்ச்சல் இருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்து 96.8-க்குக் கீழே போவதும் அதே அபாயம்தான். மூச்சை எண்ணுவதற்கு, வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். போவதா வேண்டாமா என்று புரியாத நேரங்களில் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

சாப்பாடும் சர்க்கரையும்

பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைத்து, ரசமும் சோறும் மட்டும் கொடுத்தால் புது இழையம் எதிலிருந்து உருவாகும்? முட்டை, மீன், பருப்பு, பயறு, கீரை, நெல்லிக்காய் எல்லாம் கொடுங்கள். முட்டையும் பருப்பும் சீழ் பிடிக்க வைக்கும் என்பது உண்மையில்லை. பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் வைக்கும் வீடுகள் நல்ல காரியமே செய்கின்றன. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவத்தோடு அது போய்விட்டது என்று எண்ணாமல் முதல் வாரத்திலேயே ஒரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். லேகியத்தில் எவ்வளவு கருப்பட்டி போகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு

தையல் தொற்றைப் பொதுவாக 30 நாள் வரை கவனிக்கச் சொல்வார்கள். வெளித்தோல் ஆறிவிட்டாலும் உள்ளே வலு வர நாளாகும். மூன்று மாதம் ஆனாலும் பழைய வலுவில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் வரும். ஆகவே 6 வாரம் வரை குழந்தையைவிட எடை கூடிய எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், மூத்த பிள்ளை எல்லாம் இதில் அடக்கம்.

தழும்பு முதலில் சிவந்தோ கறுத்தோ தடித்திருந்து, மாதக்கணக்கில் மெல்லத் தட்டையாகும். தழும்பின் எல்லையைத் தாண்டிக் கட்டி போல வளர்ந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். தையலுக்கு மேலே உள்ள பகுதி சில மாதம் மரத்துப்போயிருக்கும், சிலருக்கு ஒரு சின்ன இடம் நிரந்தரமாகவே அப்படி இருந்துவிடும். அதுவரை இடுப்பு வலிக்காக வெந்நீர்ப் பை வைத்தால், அது அடிவயிற்றுப் பக்கம் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தோல் வெந்தாலும் வலிக்காது.